அரைக்கால் பக்கத்தில் அந்தோணியார் மாவு மில்

எங்கள் மாதா கோயில் பங்கின் 2002ஆம் ஆண்டுத் திருவிழா மலரில், மூன்றாம் பக்கத்தில், நிர்வாகக் குழுப் பட்டியலின் கடைசியில் இப்படி ஒரு வரி உண்டு: “திரு. அ. சவரிநாதன், முதன்மை விளம்பர ஆலோசகர்.”

சவரிநாதன் யாருக்கும் எந்த ஆலோசனையும் சொன்னதில்லை. அவர் துறைமுகத்தில் வின்ச் இயக்கியவர். முப்பத்தோரு வருஷம் கீழே நிற்பவன் காட்டும் கைச்சாடைக்குச் சரக்கை ஏற்றி இறக்கிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் யாராவது சாடை காட்டினால்தான் அசைவார். முதன்மை என்றால் அவருக்குக் கீழே இரண்டாவது மூன்றாவது ஆலோசகர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லை. ராயபுரத்தின் கடைத் தெருக்களில் திருவிழா மலருக்காக ஏறி இறங்கியவர் அவர் ஒருவர்தான். போதாததற்கு, அவருக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. பஸ்ஸில் மீதிச் சில்லறையைக் கூடக் கேட்காமல் இறங்கிவிடுவார்.

விளம்பரம் சேகரிக்கும் வேலையை இப்படிப்பட்டவரிடம் கொடுத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பதினாறு வருஷமாக எங்கள் மலருக்கு விளம்பரம் குறைந்ததில்லை. காரணம் எளிது. மற்ற சங்கத்துக்காரர்கள் கடைக்கு வந்து பேசுவார்கள். கடைக்காரர் அதைவிட நன்றாகப் பேசி அனுப்பிவிடுவார். சவரிநாதன் பேச மாட்டார். ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார். டீ கொடுத்தால் குடிப்பார். அரை மணி நேரம் கழித்து அந்த மௌனம் தாங்காமல் கடைக்காரரே, “சரி நைனா, எயுதிக்கோ, போன வருசம் மாதிரியே போட்டுடு” என்பார். பிறவிக் கூச்சம் இத்தனை விளம்பரம் கொண்டுவந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் “போன வருசம் மாதிரியே” என்பதில்தான் எங்கள் மலரே நின்றது. முழுப் பக்கம், அரைப் பக்கம் கொடுப்பவர்கள் பெரிய ஆட்கள். அச்சுக்கு முன் அவர்களுக்குப் புரூஃப் போகும், அவர்கள் படத்தை மாற்றுவார்கள், பட்டத்தைக் கூட்டுவார்கள். மலரின் பின்பகுதியில் பக்கத்துக்கு எட்டாக அடுக்கப்படும் அரைக்கால் பக்க விளம்பரங்கள் வேறு ஜாதி. மூன்றரை அங்குல அகலம், இரண்டு அங்குலத்துக்கும் குறைவான உயரம். ஒரு சின்னப் படம், நாலு வரி. விழா சிறக்க வாழ்த்து, கடையின் பெயர், உரிமையாளர் பெயர், தொலைபேசி எண். இவர்களுக்குப் புரூஃப் கிடையாது. ரசீதின் அடிக்கட்டையில் சவரிநாதன் “ப.மே.” என்று போடுவார், பழைய மேட்டர். தண்டையார்பேட்டை அச்சகத்தில் சங்கரநாராயணன் தன் கம்ப்யூட்டரில் போன வருஷத்துப் பக்கத்தைத் திறந்து, ப.மே. என்று இருப்பதையெல்லாம் தொடாமல் விட்டுவிட்டு, புதியதை மட்டும் அடித்துச் சேர்ப்பார். இந்த முறையில் அபத்தங்கள் இல்லாமல் இல்லை. கடையைக் காலி செய்து பெரம்பூருக்குப் போய்விட்ட ஒரு சைக்கிள் கடை எங்கள் திருவிழாவை மேலும் நான்கு வருஷம் வாழ்த்திக்கொண்டிருந்தது.

அந்தோணியார் மாவு மில்லும் ப.மே. கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதை நடத்திய பிரகாசம், துறைமுகத்தில் சவரிநாதனோடு ஒரே கேங்கில் இருந்தவர். கீழே நின்று கைச்சாடை காட்டியவர் அவர்தான். விருப்ப ஓய்வில் வந்த தொகையைப் போட்டு மில் வைத்தார். மில் வைத்தார் என்றால் போர்டு வைத்தார் என்று பொருள். அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று என்று மூன்று மெஷினையும் ஓட்டியது, கல் தேய்ந்தால் ஆள் கூப்பிட்டுக் கொத்த வைத்தது, பெல்ட் அறுந்தால் மாட்டியது எல்லாம் அவர் மனைவி அடைக்கலமேரி. பிரகாசம் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். ஊர் அவரைத்தான் முதலாளி என்றது. மேரியைத் தலைமுடியில் மாவு ஒட்டிய அக்கா என்றது. அந்தப் பாகப் பிரிவினையில் இருவருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த 2002ஆம் வருஷம் தவக்காலத்தில் பிரகாசம் செத்துப்போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மேரி மில்லை நாற்பது நாள் மூடினாள். திறந்தபோது பாதிப் பேர் வேறு மில்லுக்குப் பழகியிருந்தார்கள். மீதிப் பேர் மில் மூடிக் கிடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிரகாசத்துக்குச் சாவியோ என்று ஒரு தம்பி; அவன் கோதுமை மெஷினுக்குத் தானும் பணம் போட்டதாகவும், ஓடாத மில்லில் மெஷின் எதற்கு என்றும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். டோல்கேட் பக்கத்துப் பெண்கள் விடுதிதான் மில்லின் உயிர். மாதா மாதம் தொண்ணூறு பிள்ளைகளுக்குக் கோதுமையும் மிளகாயும் மல்லியும் அரைபடும். விடுதிச் சிஸ்டர், மில் நடக்கிறதா இல்லையா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், திருவிழா முடியட்டும், பார்த்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகத் தள்ளி வைத்திருந்தார்.

ஆகவே மேரிக்கு அந்த வருஷம் மலர் தேவைப்பட்டது. எங்கள் பங்கில் அறுநூறு குடும்பம். அன்பியம் என்னும் தெருக் குழு வாரியாக வீட்டுக்கு ஒரு பிரதி. பூசை நேரமும் ஆம்புலன்ஸ் எண்ணும் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுவதும் டிவி மேல் கிடக்கும். ஊரில் ஒரு செய்தியை எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்ல அதைவிட வழியில்லை.

ஜூலை மாத மதியம் ஒன்றில் சவரிநாதன் வழக்கம்போல் மில்லில் போய் உட்கார்ந்தார். மேரி மிளகாய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, பிரகாசம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள். அதில் பல முறை எழுதி அடித்திருந்தாள்.

மில் நடக்கிறது என்று போட வேண்டும், தன் பெயர் போட வேண்டும் என்றாள். இருப்பது நாலு வரி என்றார் சவரிநாதன். ஃபோனை எடுத்துவிடலாம், பில் கட்டாமல் அறுந்துபோயிருக்கிறது என்றாள் மேரி. அப்போதும் மில் நடக்கிற செய்தியே இரண்டு வரி பிடித்து, ஒரு வரி அதிகமாகிறது. வாழ்த்தை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள்.

“வாய்த்து இல்லாங்காட்டி அது வாய்த்து விளம்பரமே இல்லியே மேரி. கமிட்டில ஒத்துக்க மாட்டாங்கோ.”

“மில்லு ஓடலன்னா நான் இன்னாத்துக்கு அண்ணே வாய்த்தணும்?”

சவரிநாதன் விரல் விட்டு வரிகளை மறுபடி எண்ணினார். கடைசியில் அந்தோணியார் படத்தை எடுத்துவிட முடிவாயிற்று. அந்தோணியார் கோவிக்க மாட்டார், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர்தானே என்று மேரி சிரித்தாள். பிரகாசம் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாகச் சவரிநாதன் பின்னால் சொன்னார்.

பிறகு உரிமையாளர் வரி. அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். பிரகாசம் பெயரையும் அமரர் என்று சேர்த்துப் போடலாமா என்று சவரிநாதன் கேட்டார். கேட்ட உடனே தானே தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் மலரில் வாழ்த்து விளம்பரத்தில் இறந்தவர் பெயர் வராது. அவர்களுக்கு முன்பகுதியில் கண்ணீர் அஞ்சலிப் பக்கம் தனியாக உண்டு. அதுவும் அரைப் பக்கத்துக்குக் குறைந்து எடுப்பதில்லை. இருக்கிறவன் நாலு வரியில் இருந்துகொள்ளலாம், செத்தவனுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

“அவுரு பேரு போர்டுல கீது,” என்றாள் மேரி. “அது போதும். எம் பேரு எங்கியும் இல்ல அண்ணே.”

தாளை மடித்துக் கொடுத்தாள். அதில் இருந்தது இதுதான்: விழா சிறக்க வாழ்த்துகிறோம். அந்தோணியார் மாவு மில். தினமும் காலை முதல் மாலை வரை அரைத்துத் தரப்படும். உரிமையாளர்: பி. அடைக்கலமேரி.

சவரிநாதன் ரசீது கிழித்துக் கொடுத்தார். அடிக்கட்டையில் எதுவும் எழுதவில்லை.

கொடியேற்றத்தன்று மாலைப் பூசை முடிந்ததும் மலர் வாசலில் கொடுக்கப்பட்டது. மேரி அன்பியப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வாங்கி, கொடிமரத்தடியில் நின்று பின்பக்கமாகப் புரட்டினாள். அறுபத்து மூன்றாம் பக்கம். எட்டில் ஐந்தாவது. அந்தோணியார் கையில் குழந்தையோடு நின்றார். விழா சிறக்க வாழ்த்துகிறோம். அந்தோணியார் மாவு மில். உரிமையாளர்: சூ. பிரகாசம். கீழே, அறுந்துபோன அந்த ஃபோன் நம்பர்.

மேரி மலரை மூடினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மற்றவர்கள் பேசினார்கள். முதலில், அச்சகத்தில் தப்புப் பண்ணிவிட்டார்கள் என்றார்கள். பிறகு மெல்ல வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். செத்த மனிதர் வருஷம் தவறாமல் வாழ்த்து அனுப்பிவிட்டார், அவருக்கு மாதா மேல் அவ்வளவு பக்தி என்றாள் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் சிலுவையம்மாள். மூன்றாம் நாள் நவநாளில் பங்குத்தந்தையே, விண்ணில் இருப்பவர்களும் நம்மோடு விழாக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு நம் மலரிலேயே அடையாளம் இருக்கிறது என்று பிரசங்கம் வைத்தார். பலர் அழுதார்கள். அழ வைத்துவிட்ட பிழையைத் திருத்த யாருக்கு மனம் வரும்? அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அதை அஞ்சலியாக வாசித்தார்கள். அஞ்சலிக்கு யாரும் கோதுமை தூக்கிக்கொண்டு போவதில்லை.

விடுதிச் சிஸ்டரும் அப்படித்தான் வாசித்தார். மில்லை மூடிவிட்டு நினைவுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, பிரகாசத்துக்காக ஒரு செபமாலை சொல்லிவிட்டு, அரைக்கும் வேலையைப் புது வண்ணாரப்பேட்டை மில்லுக்கு ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே மாலையில் நடந்தது. இரண்டிலும் அவர் மனம் சுத்தமாகவே இருந்தது.

பிரசங்கத்துக்கு மறுநாள் மதியம் சவரிநாதன் மில்லுக்குப் போனார். மெஷின் எதுவும் ஓடவில்லை. மேரி கோதுமை மெஷினின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அங்கே மாவு இல்லை. ஸ்டூலைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

அச்சகத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்கப் போவதாக மேரி சொன்னாள். கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்க வேண்டும் என்றாள். சங்கரநாராயணன் இத்தனை வருஷம் ஒழுங்காக அச்சடித்தவர், மில் விளம்பரத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்று தெரிய வேண்டும்.

சவரிநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெஷின் மேல் வைத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. மேரி பிரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது அவள் கொடுத்த தாள்.

“பிரஸ்ல கேட்டாங்கோ, இது புதுசா பழசான்னு,” என்றார். “பழசுன்னு சொல்ட்டேன்.”



அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன்; அவர் சொல்ல நிறைய நேரம் ஆயிற்று. சங்கரநாராயணன் கம்ப்யூட்டரில் போன வருஷப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். திரையில் பிரகாசம் பெயர் இருந்தது. இதை எடுத்துவிடட்டுமா என்று விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். அந்தப் பொத்தானைத் தட்டினால் பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் பின்பக்கமாகப் போய்விடும் என்று சவரிநாதனுக்குத் தெரியும். பல தடவை பார்த்திருக்கிறார். அப்போதுதான் பையில் இருந்த தாளை எடுக்காமல், பழைய மேட்டர்தான் என்று சொன்னார். ஒரு வருஷம்தானே, அடுத்த மலரில் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியதாம்.

“அவன் பேர அடிக்க எனக்குக் கை வரல மேரி.”

மேரி துணியை உதறி மடித்தாள். நிதானமாகத்தான் பேசினாள்.

“இத்த எயுதும்போது எனக்கு மட்டும் கை வந்துச்சா அண்ணே?”

மடித்த துணியைத் தாளின் மேல் வைத்தாள்.

“உனுக்கு அவுரு தோஸ்து. எனக்கு இன்னா, வாடகைக்கு வந்தவரா? நான் அடிச்சேன். பொண்டாட்டி நானே அடிச்சிட்டு உங்கையில குட்த்தேன். அதுக்கு மேல உனுக்கு இன்னா?”

பிறகு, போய் வா அண்ணே, எனக்கு வேலை இருக்கிறது என்றாள். அங்கே வேலை எதுவும் இருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் சவரிநாதன் கமிட்டிக்கு வந்தார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டார்: அடுத்த ஞாயிறு பூசையில் இது தன் தப்பு, மேரி மில் ஓடுகிறது என்று அறிவிக்க வேண்டும். கமிட்டி அவரை அன்போடு மறுத்தது. சாமியார் பிரசங்கம் வைத்த பிறகு அதை இல்லையென்று சொன்னால் எப்படி இருக்கும்? ஜனங்கள் ஆறுதலாக இருக்கிறார்கள், கெடுக்க வேண்டாம் என்றார் செயலாளர். திருத்தம் என்று துண்டுச்சீட்டு அச்சடித்தால் மற்ற விளம்பரக்காரர்களும் ஆளுக்கொரு திருத்தம் கேட்பார்கள் என்றார் பொருளாளர். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு சவரிநாதன் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். கையில் ஒரு நீலப் பேனா, அன்பியப் பட்டியலின் ஒரு நகல். கதவைத் தட்டி, மலரைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்பார். எதற்கு என்று கேட்டால் சொல்வார். பாதி வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விடுவார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். ஆசீர்வாதமான பக்கம், அதில் பேனா படக்கூடாது என்றார்கள். சிலுவையம்மாள் தன் பிரதியைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். தர முடியாது என்று சொல்லிவிட்டு, அவருக்கு மோர் கொடுத்தாள். சிலர் வீட்டில் மலர் அதற்குள் மீன் பொட்டலமாகியிருந்தது. சிலது துபாயில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது மழை. கதவோரம் நின்றபடியே, முட்டியில் மலரை வைத்து எழுதிவிட்டுப் போனார்.

இதனால் மில் பிழைத்ததா என்றால், இல்லை. ஓரிரு வீட்டார் அரிசியைத் தூக்கிக்கொண்டு மேரியிடம் திரும்பி வந்தார்கள். விடுதி வரவில்லை, எழுதிக் கொடுத்ததைச் சிஸ்டர் மீற முடியாது. நவம்பரில் சாவியோ ஒரு மீன்பாடி வண்டியோடு வந்து கோதுமை மெஷினை ஏற்றிக்கொண்டு போனான். கிறிஸ்துமஸுக்கு முன் மேரி போர்டைக் கழற்றினாள். போர்டில் இருந்த பெயரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் வைத்தாள் என்று கேள்வி. புது வண்ணாரப்பேட்டை மில்லில் மிளகாய் மெஷினுக்கு ஆள் தேவைப்பட்டது. ஜனவரியிலிருந்து அங்கே தினக் கூலிக்குப் போகிறாள். விடுதிப் பிள்ளைகளின் மிளகாய்த்தூளை இப்போதும் அவள்தான் அரைக்கிறாள். கோயிலில் சவரிநாதனைப் பார்த்தால் சுகமா அண்ணே என்று கேட்பாள். அதற்கு மேல் நிற்க மாட்டாள்.

அடுத்த வருஷ மலரிலும் மூன்றாம் பக்கத்தில் சவரிநாதன் முதன்மை விளம்பர ஆலோசகராகவே அச்சாகியிருந்தார். பொறுப்பை விட்டுவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்துக்கும் பழைய மேட்டரையே போட்டுவிட்டார்கள்.

அறுநூறு பிரதியில் அவர் கைக்குக் கிடைத்தவை இருநூற்றுப் பதினான்கு. அந்த இருநூற்றுப் பதினான்கிலும், அறுபத்து மூன்றாம் பக்கத்தில், தன் சினேகிதன் பெயரைத் தன் கையாலேயே அடித்து, பக்கத்தில் அடைக்கலமேரி என்று எழுதினார்.